"Show more" பட்டனுக்குக் கீழே போன ஒரு வரி: ஷேடோ ஆஃப் மோர்டோர் விவகாரமும் நம் ஸ்கிரிப்டும்

காசு வாங்கிக்கொண்டு வீடியோ போட்டவர் அதைச் சொல்லவே இல்லை என்பதுதான் வழக்கமாக நாம் கேட்கும் கதை. ஷேடோ ஆஃப் மோர்டோர் என்ற கேமின் விளம்பர விவகாரம் அப்படிப்பட்டது இல்லை. இதில் பலர் சொல்லித்தான் இருந்தார்கள், எழுத்தில், கம்பெனி சொன்ன இடத்திலேயே. அப்படியும் அமெரிக்காவின் கூட்டாட்சி வர்த்தக ஆணையம் அதை மோசடி விளம்பரம் என்று குற்றம்சாட்டியது. ஸ்பான்சர் வீடியோவுக்கு ஸ்கிரிப்ட் எழுதுகிறவர்கள் இந்த விவகாரத்தைத்தான் முதலில் படிக்க வேண்டும் என்று நினைக்கிறேன், ஏனென்றால் தப்பு நடந்தது கேமரா முன்னால் இல்லை, அதற்கு முன்பே, கம்பெனி கொடுத்த பிரீஃபில்.

2014-ன் கடைசி மாதங்கள். வார்னர் பிரதர்ஸின் ஹோம் என்டர்டெயின்மென்ட் பிரிவு 'மிடில் எர்த்: ஷேடோ ஆஃப் மோர்டோர்' என்ற கேமை வெளியிடுகிறது. பிளெய்ட் சோஷியல் லேப்ஸ் என்ற ஏஜென்சி வழியாகப் பெரிய யூடியூபர்களைப் பிடிக்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் சில நூறு டாலரிலிருந்து பல பத்தாயிரம் டாலர் வரை பணம், கூடவே ரிலீஸுக்கு முன்பே விளையாட ஒரு இலவச காப்பி. பதிலுக்கு அவர்கள் கேமை ஆடிக் காட்டி வீடியோ போட வேண்டும். அந்த வீடியோக்கள் எல்லாம் சேர்த்து 55 லட்சத்துக்கும் மேல் பார்க்கப்பட்டன, அதில் பியூடிபை என்ற யூடியூபர் போட்ட ஒரே வீடியோ மட்டும் 37 லட்சம்.

ஒப்பந்தத்தில் இருந்த நிபந்தனைகளைப் பார்த்தால் விவகாரம் புரிந்துவிடும். வீடியோ கேமைப் பற்றி நல்ல எண்ணம் வரும்படி இருக்க வேண்டும். கம்பெனியையோ கேமையோ குறை சொல்லக் கூடாது. பக், கிளிட்ச் எதையும் காட்டக் கூடாது. டிஸ்க்ரிப்ஷனில் இருக்கும் லிங்க்கை கிளிக் பண்ணுங்க என்று வாயால் அழுத்திச் சொல்ல வேண்டும். வெளியிடுவதற்கு முன் வீடியோவைப் பார்த்து ஒப்புதல் தரும் உரிமையும் ஏஜென்சிக்கு இருந்தது. ஸ்பான்சர் என்ற தகவலை எங்கே போடச் சொன்னார்கள்? வீடியோவுக்குக் கீழே, டிஸ்க்ரிப்ஷன் பெட்டியில்.

அந்தப் பெட்டியில் போட வேண்டிய வேறு விஷயங்களையும் கம்பெனியே கொடுத்திருந்தது. அதெல்லாம் மேலே உட்கார்ந்ததும் ஸ்பான்சர் வரி கீழே இறங்கிவிட்டது. அப்போது யூடியூபில் டிஸ்க்ரிப்ஷனின் முதல் சில வரிகள்தான் கண்ணுக்குத் தெரியும், மீதிக்கு "Show more" அழுத்த வேண்டியிருந்தது. பெரும்பாலான வீடியோக்களில் அந்த வரி இந்தக் கோட்டுக்குக் கீழே போய்விட்டது. இன்னொன்று, இதே வீடியோக்களை ஃபேஸ்புக்கிலோ ட்விட்டரிலோ பார்த்தவர்களுக்கு அந்தப் பெட்டியே கிடையாது, ஆக அவர்களுக்கு எந்தத் தகவலும் போகவில்லை.

ஒப்பந்தத்தைப் பற்றி வெளியே பேச ஆரம்பித்தவர்களில் முக்கியமானவர், டோட்டல்பிஸ்கட் என்ற பெயரில் சேனல் நடத்திய ஜான் பெயின். 2014 அக்டோபரிலேயே அதன் நிபந்தனைகள் வெளிச்சத்துக்கு வந்துவிட்டன. ஆணையம் வழக்கை அறிவித்தது 2016 ஜூலையில். வீடியோ போட்டவர்கள் மேல் இல்லை, வார்னர் பிரதர்ஸ் மேல். வழக்கு சமரசத்தில் முடிந்தது, அபராதம் இல்லை. ஆனால் இனிமேல் இன்ஃப்ளூயன்சர்களுக்கு விதியைச் சொல்லிக்கொடுப்பதும், அவர்கள் போடுவதைக் கண்காணிப்பதும், மீறினால் பணத்தை நிறுத்துவதோ ஒப்பந்தத்தை முறிப்பதோ கம்பெனியின் பொறுப்பு என்று உத்தரவில் எழுதிவிட்டார்கள். பியூடிபை அப்புறம் ஒரு வீடியோவில், நான் டிஸ்க்ரிப்ஷனில் போட்டிருந்தேனே என்றார். அவர் சொன்னது பொய் இல்லை, ஆனால் அந்தப் பதிலே பிரச்சினை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டிவிடுகிறது.

குற்றச்சாட்டில் இரண்டு தனித்தனி விஷயங்கள் இருந்தன, நம்ம ஊரில் இதைப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிடுகிறார்கள். ஒன்று, பணம் வாங்கியதைப் பார்ப்பவருக்குத் தெரியும்படி சொல்லவில்லை. இன்னொன்று, இந்த வீடியோக்கள் ஏதோ ஒரு கேமரின் சுதந்திரமான கருத்து போலக் காட்டப்பட்டன, உண்மையில் என்ன சொல்லலாம், என்ன சொல்லக் கூடாது என்பதைக் கம்பெனி எழுதிக் கொடுத்திருந்தது. முதலாவதை லேபிள் போட்டுச் சரிசெய்யலாம். இரண்டாவதை லேபிளால் முழுசாகச் சரிசெய்ய முடியாது. பக்கைக் காட்டாதே என்ற நிபந்தனையோடு எடுத்த வீடியோவின் மூலையில் 'விளம்பரம்' என்று எவ்வளவு பெரிதாகப் போட்டாலும், கேமில் பக் இல்லை என்ற எண்ணம் பார்ப்பவருக்கு வரத்தான் செய்யும்.

சில வீடியோக்களில் பாதி உண்மை மட்டும் வந்தது என்பதும் ஆணையத்தின் கண்ணில் பட்டது. கேம் முன்கூட்டியே கிடைத்தது என்று சொன்னார்கள், பணத்தைப் பற்றிப் பேச்சே இல்லை. இதை நான் கொஞ்சம் மோசமாகவே பார்க்கிறேன். ஒன்றுமே சொல்லாதவரை நேயர் சந்தேகப்படலாம், 'எனக்கு ஃப்ரீயா அனுப்பியிருந்தாங்க' என்று சொல்பவரைப் பார்த்தால் 'சரி, இவ்வளவுதான் விஷயம், மனுஷன் வெளிப்படையாத்தான் இருக்கார்' என்று நம்பிவிடுவார்.

இனி இதே பிரீஃப் இன்று ஒரு தமிழ் கேமிங் சேனலுக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். இங்கே இரண்டு விதித் தொகுப்புகளைப் பார்க்க வேண்டும். ஒன்று இந்திய விளம்பரத் தரக் கவுன்சில், அதாவது ஆஸ்கி, 2021 மே மாதம் வெளியிட்டு ஜூன் 14 முதல் நடைமுறைக்குக் கொண்டுவந்த இன்ஃப்ளூயன்சர் விதிகள். ஆஸ்கி என்பது விளம்பரத் துறையே தனக்கு வைத்துக்கொண்ட அமைப்பு, அதற்கு அபராதம் போடும் அதிகாரம் இல்லை. மற்றொன்று, மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2023 ஜனவரியில் வெளியிட்ட வழிகாட்டுதல். அதன் பின்னால் 2019-ன் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் நிற்கிறது. தவறாக வழிநடத்தும் விளம்பரம் என்று மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் முடிவு செய்தால், விளம்பரம் கொடுத்தவர் மட்டுமில்லை, அதில் பேசியவரும் 10 லட்சம் ரூபாய் வரை கட்ட வேண்டி வரலாம், மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகும். ஓராண்டு வரை எந்தப் பொருளுக்கும் விளம்பரம் செய்யக் கூடாது என்று தடை போடவும் முடியும், திரும்பச் செய்தால் அது மூன்று ஆண்டு வரை. அமெரிக்க வழக்கில் கம்பெனி மட்டும் மாட்டியது, இங்கே சட்டத்திலேயே உங்கள் பெயருக்கும் இடம் இருக்கிறது. அங்கேயும் நிலைமை அப்படியே நிற்கவில்லை, 2017-ல் சிஎஸ்கோ லாட்டோ என்ற சூதாட்ட இணையதள விவகாரத்தில் ஆணையம் முதல்முறையாக இன்ஃப்ளூயன்சர்கள் மேலேயே நேரடியாக நடவடிக்கை எடுத்துவிட்டது.

மத்திய அரசின் வழிகாட்டுதலில் ஸ்கிரிப்ட் எழுதுகிறவருக்கு வேண்டிய வரி இதுதான்: வீடியோ என்றால் அறிவிப்பு வீடியோவுக்குள்ளேயே இருக்க வேண்டும், டிஸ்க்ரிப்ஷனில் மட்டும் போட்டால் போதாது, காதுக்கும் கண்ணுக்கும் இரண்டு வழியிலும் போக வேண்டும். மோர்டோர் விவகாரத்தின் ஓட்டையை அப்படியே அடைக்கும் வரி. நேரலை என்றால் ஓடும் நேரம் முழுக்கத் தெரிய வேண்டும். எந்த மொழியில் பொருளைப் பற்றிப் பேசுகிறோமோ அதே மொழியில் அறிவிப்பும் இருக்க வேண்டும், ஆகவே தமிழில் பேசும் வீடியோவில் 'விளம்பரம்' என்றே போடுங்கள். திரையில் எவ்வளவு நேரம் என்பதை ஆஸ்கி விதி சொல்கிறது: 15 வினாடி அல்லது அதற்குக் குறைவான வீடியோ என்றால் குறைந்தது 3 வினாடி, அதைத் தாண்டி 2 நிமிடத்துக்குள் என்றால் வீடியோ நீளத்தில் மூன்றில் ஒரு பங்கு, 2 நிமிடமோ அதற்கு மேலோ என்றால் பிராண்டைப் பற்றியோ அதன் சிறப்பைப் பற்றியோ பேசும் பகுதி முழுவதும்.

சரி, ஸ்கிரிப்டுக்கு வருவோம். வழக்கமாக வரும் முதல் டிராஃப்ட் இப்படித்தான் இருக்கும். முதல் பத்து வினாடி ஹுக்: வீடியோவின் நடுவிலிருந்து வெட்டிய சண்டைக் காட்சி, மேலே குரல், 'இந்த வருஷம் நான் ஆடினதுலயே இதுதான் மாஸ் கேம்.' அப்புறம் சேனல் லோகோ. அப்புறம், 'ஹாய் மக்களே, இந்த கேம் ரிலீஸ் ஆகறதுக்கு முன்னாடியே எனக்குக் கிடைச்சிடுச்சு, செம எக்ஸைட்டடா இருக்கேன்.' அதன் பின் ஒன்பது நிமிட கேம்ப்ளே. கடைசியில், எண்ட் ஸ்கிரீனுக்கு முன்னால், 'இந்த வீடியோவை சாத்தியமாக்கின கம்பெனிக்கு நன்றி, லிங்க் கீழ இருக்கு.'

இதில் எழுதியவர் எதையும் மறைக்க நினைத்திருக்க மாட்டார். ஆனாலும் நாலு இடத்தில் சறுக்கல். பாராட்டு முதல் வினாடியிலேயே வந்துவிட்டது, அறிவிப்பு பத்து நிமிடம் கழித்து வருகிறது, நடுவில் போனவர்களுக்கு அது கிடையவே கிடையாது. 'கிடைச்சிடுச்சு' என்பது மேலே சொன்ன அதே பாதி உண்மை. திரையில் எழுத்து ஒன்றும் இல்லை. நாலாவது அந்த நன்றி வரி. பிரிட்டனில் 2014 நவம்பரில் ஓரியோ பிஸ்கட் பந்தய வீடியோக்கள் விஷயத்தில் அங்குள்ள விளம்பரத் தர ஆணையம் இதே மாதிரி வரியை எடுத்துப் பார்த்தது. வீடியோவை சாத்தியமாக்கிய ஓரியோவுக்கு நன்றி என்றால் ஓரியோவுக்கு ஏதோ சம்பந்தம் இருப்பதாகப் புரியலாம், ஆனால் பணமும் கொடுத்து உள்ளடக்கத்தின் மேல் கட்டுப்பாடும் வைத்திருக்கிறார்கள் என்பது அதிலிருந்து தெரியாது என்று முடிவு சொன்னது. நன்றி என்பது மரியாதை. இரண்டு டீ வாங்கிக்கொடுத்தவருக்கும் அதையேதான் சொல்வோம்.

இப்போது மாற்றி எழுதுவோம். நான் ஸ்கிரிப்டை இரண்டு பத்தியாகப் பிரிப்பேன், இடது பக்கம் குரல், வலது பக்கம் திரை, அறிவிப்புக்கு இரண்டிலும் தனித்தனி வரி. ஹுக்கை எடுத்துவிட வேண்டிய அவசியமில்லை, அது இல்லாமல் ஆள் நிற்க மாட்டான் என்பது எனக்கும் தெரியும். ஆனால் ஹுக்கில் பாராட்டு இருந்தால் அதன் முதல் ஃப்ரேமிலிருந்தே வலது பத்தியில் 'விளம்பரம்' என்று எழுதியாக வேண்டும், அல்லது ஹுக்கில் பாராட்டு இல்லாமல் வெறும் காட்சி மட்டும் விட வேண்டும். முதல் வழியே பாதுகாப்பு, காட்சியும் கேமின் சிறப்பைக் காட்டுவதுதானே. லோகோ முடிந்ததும் குரல்: 'ஹாய் மக்களே, இது விளம்பர வீடியோ. இந்த கேமை ஆடிக் காட்டக் கம்பெனி எனக்குக் காசு கொடுத்திருக்காங்க, ரிலீஸுக்கு முன்னாடியே காப்பியும் அவங்கதான் கொடுத்தாங்க.' சாதாரண வேகத்தில் படித்துப் பாருங்கள், பத்து வினாடிக்குள் முடிந்துவிடும். பணம், பொருள் இரண்டும் வந்துவிட்டது, யார் கொடுத்தது என்பதும் வந்துவிட்டது. வீடியோவை முன்கூட்டியே பார்த்து ஓகே சொல்லும் உரிமை கம்பெனிக்கு இருந்தால், 'வெளியிடறதுக்கு முன்னாடி அவங்க பார்த்திருக்காங்க' என்று இன்னொரு துண்டு சேர்ப்பேன். விதிப் புத்தகத்தில் இந்த வாக்கியம் இப்படி எழுதியில்லை, ஆனால் மோர்டோர் வழக்கின் இரண்டாவது குற்றச்சாட்டு நினைவில் இருந்தால் ஏன் சேர்க்கிறேன் என்பது புரியும்.

திரைப் பக்கம், முழு வீடியோவும் இந்த ஒரே கேமைப் பற்றியது என்பதால் லேபிள் பத்து நிமிடமும் நிற்க வேண்டும். இங்கேதான் கிரியேட்டர்கள் முகம் சுளிப்பார்கள். பெரிய பட்டை எல்லாம் வேண்டாம், ஒரு மூலையில் போதும், ஆனால் போனில் பார்க்கும்போது படிக்கும் அளவு எழுத்து, பின்னால் ஒரு கருப்புப் பட்டி. பட்டி இல்லாமல் வெறும் வெள்ளை எழுத்து போட்டால் வெளிச்சமான காட்சி வரும்போதெல்லாம் காணாமல் போய்விடும், எடிட்டருக்குப் பெரிய மானிட்டரில் இந்தக் குறை தெரியவே தெரியாது. ரீல்ஸ், ஷார்ட்ஸ் என்றால் கீழ்ப் பகுதியை கேப்ஷனும் வலது ஓரத்தை லைக், ஷேர் பட்டன்களும் மூடிவிடும், அதனால் லேபிள் மேல் பக்கம் இருக்கட்டும், அதுவும் விளிம்பில் ஒட்டாமல்.

பன்னிரண்டு நிமிட வீடியோவில் நடுவே 80 வினாடி மட்டும் ஸ்பான்சர் பகுதி என்றால் கணக்கு வேறு. லேபிள் அந்த 80 வினாடி முழுக்க, குரல் வரி அந்தப் பகுதியின் முதல் வாக்கியமாக. தொடர்ச்சி நன்றாக இருக்க வேண்டும் என்பதற்காக 'டெய்லி இவ்வளவு நேரம் கேம் ஆடினா கண்ணு வலிக்கும்ல, நானும் ரொம்ப நாளா கஷ்டப்பட்டேன்' என்று சொந்தக் கதையில் நைசாக நுழைந்து, பொருளின் பெயர் வந்த பிறகு ஸ்பான்சர் என்று சொல்லும் பழக்கம் ஒன்று இருக்கிறது. அந்தக் கதையே விளம்பரத்தின் பாகம்தான். லேபிளும் வரியும் கதைக்கு முன்னால் வர வேண்டும், பெயருக்கு முன்னால் என்றால் போதாது.

அப்புறம் இந்தப் பெரிய வீடியோவிலிருந்து ஏஜென்சி 45 வினாடி ஷார்ட்ஸ் ஒன்று வெட்டிக் கேட்கும். எடிட்டர் எங்கே வெட்டுவார்? நல்ல சண்டை, நல்ல பாராட்டு இருக்கும் இடத்தில். தொடக்கத்தில் சொன்ன குரல் வரி பெரிய வீடியோவிலேயே தங்கிவிடும். ஃபேஸ்புக்கில் டிஸ்க்ரிப்ஷன் காணாமல் போன அதே கதை, பத்து வருஷம் கழித்து வேறு உருவத்தில். விதிப்படி 45-ல் மூன்றில் ஒரு பங்கு, 15 வினாடி லேபிள் வேண்டும். அதைக் கடைசி 15 வினாடியில் போட்டாலும் கணக்கு சரியாகத்தான் வரும், ஆனால் முதல் மூணு வினாடியில் தள்ளிவிட்டுப் போகிறவர்களுக்கு அது இல்லாததற்குச் சமம். முதல் ஃப்ரேமிலிருந்து தொடங்குங்கள், முடிந்தால் முழுக்கவே விட்டுவிடுங்கள், எடுக்க ஒரு காரணமும் இல்லை. குரலுக்கு, ஷூட்டிங்கின்போதே 'இது விளம்பரம், கம்பெனி காசு கொடுத்திருக்காங்க' என்ற சின்ன வரியைத் தனியாக ஒரு டேக் எடுத்து வைத்துக்கொண்டால் எந்தத் துண்டின் தலையிலும் ஒட்டலாம். லேபிளையும் ஆப்பின் ஸ்டிக்கராகப் போடாமல் எடிட்டிங்கிலேயே படத்தோடு சேர்த்து எக்ஸ்போர்ட் செய்யுங்கள், வாட்ஸாப்பில் யாராவது டவுன்லோடு செய்து அனுப்பினாலும் கூடவே போகும்.

யூடியூபின் paid promotion பெட்டியை டிக் செய்தால் போதாதா என்ற கேள்வி எப்போதும் வரும். டிக் செய்யத்தான் வேண்டும், அது யூடியூபின் சொந்த விதி. ஆனால் அதனால் வருவது தொடக்கத்தில் சுமார் பத்து வினாடி மட்டும் தெரியும் "Includes paid promotion" என்ற ஒரு வரி. 80 வினாடிப் பகுதி ஏழாவது நிமிடத்தில் வருகிறதென்றால் அந்த வரி எப்போதோ மறைந்திருக்கும், யார் கொடுத்தார்கள், எதற்கு என்பதும் அதில் இல்லை, குரலும் இல்லை. கூடுதல் பாதுகாப்பு என்று வைத்துக்கொள்ளலாம், அவ்வளவுதான்.

வார்த்தை விஷயத்தில் ஒரு குழப்பம் உண்டு. இந்தியாவின் வழிகாட்டுதல்கள் விளம்பரம், ஸ்பான்சர்டு போன்றவற்றோடு 'கொலாபரேஷன்' என்பதையும் ஏற்கின்றன. அமெரிக்க ஆணையமோ 'கொலாப்', 'ஸ்பான்' மாதிரி சுருக்கங்கள் தெளிவில்லை என்கிறது. நேயர்கள் அமெரிக்காவிலும் இருந்தால், கம்பெனியும் அங்கே இருந்தால், கடுமையான பக்கத்தைப் பின்பற்றுவதே நிம்மதி. இங்கேயே கூட ரெண்டு யூடியூபர் சேர்ந்து சமைத்தாலும் கொலாப் என்கிறோம், அதில் காசு கைமாறியது யாருக்குத் தெரியும்.

எழுதி முடித்த வீடியோவைச் சரிபார்க்க நான் செய்வது எளிது. சத்தத்தை அணைத்துவிட்டு ஒரு முறை, போனைக் கவிழ்த்து வைத்துக் காதால் மட்டும் ஒரு முறை, அப்புறம் நடுவில் ஏதோ ஒரு இடத்தைத் தொட்டு அங்கிருந்து ஒரு முறை. மூன்றிலும் விளம்பரம் என்று புரிய வேண்டும். ஸ்பான்சர் பகுதியைப் பற்றி ஒன்றும் தெரியாத யாரிடமாவது காட்டி, 'இவர் இதுக்குக் காசு வாங்கியிருப்பாரா?' என்று கேட்பது இன்னும் நல்லது. 'இருக்கலாம்' என்ற பதில் வந்தால் வரியை மாற்ற வேண்டும், 'ஆமா, அவரே சொன்னாரே' என்று வர வேண்டும்.

மிஞ்சியிருப்பது ஒப்பந்தம். குறை சொல்லக் கூடாது, பக்கைக் காட்டக் கூடாது என்ற நிபந்தனை வந்தால் அதை ஸ்கிரிப்டில் சமாளிக்கப் பார்க்காதீர்கள், ஒப்பந்தத்திலேயே அடிக்கச் சொல்லுங்கள். பதிலுக்குக் கொடுக்கக்கூடியது இது: விலை, தேதி, அம்சங்கள் மாதிரித் தகவல் பிழைகளைக் கம்பெனி திருத்தலாம், கருத்து கிரியேட்டருடையது, ஆடும்போது பக் வந்தால் வெட்டி எறிய மாட்டோம். பல பிராண்டுகள் ஒத்துக்கொள்ளும், ஏனென்றால் அடுத்த பக்கத்தில் நீங்கள் கேட்பது அவர்களுக்கும் பாதுகாப்புதான்: அறிவிப்பு வரியின் சொற்கள், அது வரும் இடம், லேபிளின் நேரம், துண்டு வெட்டும்போதும் இவை இருக்க வேண்டும் என்ற ஷரத்து. 'லேபிளைக் கொஞ்சம் சின்னதாக்க முடியுமா, ரீச் குறையுது' என்று வெளியிடும் நாள் காலையில் வரும் மெசேஜுக்கு அந்தப் பக்கத்தைக் காட்டிவிடலாம்.

ஏற்கெனவே போட்டுவிட்ட பழைய வீடியோக்களுக்கு வழி குறைவு. யூடியூபில் ஒரு வீடியோவை அதே லிங்க்கில் வைத்துக்கொண்டு புதுக் கோப்பால் மாற்ற முடியாது. ஸ்டுடியோ எடிட்டரில் வெட்டலாம், மங்கலாக்கலாம், புதுசாக ஒரு குரல் வரியைச் சேர்க்க முடியாது. paid promotion பெட்டியை டிக் செய்து, டிஸ்க்ரிப்ஷனின் முதல் வரியில் விளம்பரம் என்று எழுதி, அதையே பின் செய்த கமெண்ட்டாகவும் போடலாம், ஆனால் மேலே சொன்ன காரணங்களால் இது பாதி வேலைதான். ஸ்பான்சர் பகுதி தனியாக இருந்தால் அதை அப்படியே வெட்டி எடுப்பது சுத்தம், அதற்கு முன் பிராண்டிடம் பேச வேண்டும், எவ்வளவு நாள் வீடியோ இருக்க வேண்டும் என்று ஒப்பந்தத்தில் இருக்கும். முழு வீடியோவும் ஸ்பான்சர் என்றால் பிரைவேட் செய்துவிட்டு, லேபிளோடும் குரல் வரியோடும் மறுபடி ஏற்றுவதுதான் வழி, பழைய வியூஸ் எண்ணிக்கை போய்விடும்.